‘044’ சிறுகதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘044’ என்ற என் சிறுகதை வெளிவந்ததிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே வைத்திருக்கிறேன். கதையை இன்னும் படிக்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. போகப் போக முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது.

நான் இன்னும் கதை படிக்கல. என்ன கதைன்னு சுருக்கமா சொல்ல முடியுமா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண், பெயர் கௌசல்யா. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். உள்ளூரில் சின்னச் சின்ன இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டு, முதல் முறையாக ஒரு பெரிய கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை, தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரே ஒரு இடம். செவ்வாய்க்கிழமை தேர்வு. “வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்றோம்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்புகிறாள்.

வெள்ளி போகிறது, போன் வரவில்லை. அடுத்த புதன்கிழமை ஒரு அழைப்பு வந்து தவறிப்போகிறது. அதற்கடுத்த திங்கள்கிழமை, தேர்வு முடிந்து பதின்மூன்றாம் நாள், மறுபடி போன் அடிக்கிறது. “ஹலோ” என்கிறாள். அதோடு கதை முடிகிறது.

இது உண்மையில் நடந்ததா? கௌசல்யா யாரு?

கௌசல்யா நான் உண்டாக்கிய பெண். ஆனால் அவளுக்காக யாரோ ஒருவர் போனை எடுத்து எண்ணை அழுத்துகிறாரே, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் வேலை. ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வேலையை விட்ட பிறகுதான் இந்தக் கதை வந்தது. எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள்.

கதைக்குக் காரணமான ஒரு நிஜப் பெண் உண்டு. அவளைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கதையில ஒண்ணுமே நடக்கலையே? ஒரு பொண்ணு போனையே பாத்துக்கிட்டு இருக்கா, அவ்வளவுதானே?

அவள் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது சரி. அந்தப் பதின்மூன்று நாளும் காரியமெல்லாம் வேறு ஊரில், அவள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டடத்தில் நடக்கிறது. அவளுக்கு வந்து சேர்வது அதன் ஓசை மட்டும்தான்: ஒரு மௌனம், ஒரு தவறிய அழைப்பு, பிறகு ஒரு அழைப்பு.

காத்திருப்பதைப் பற்றி முதலில் நான் எழுதிய இரண்டு கதைகள் ஊத்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கதைநாயகி பெருமூச்சு விட்டாள், சன்னலைப் பார்த்தாள், மறுபடி பெருமூச்சு விட்டாள். போன் எப்போது வரும் என்பது எனக்கே தெரியாது. எனக்குத் தோன்றியபோது வரவழைத்தேன். படிப்பவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. அதனால் இந்த முறை கதையின் முதல் வரிக்கு முன்னால், அந்தக் கட்டடத்துக்குள் தினம் தினம் என்ன நடந்தது என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சரி, அந்த ரெண்டு வாரமும் கம்பெனிக்காரங்க என்னதான் பண்ணுனாங்க?

அந்தத் தாளில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். புதன்கிழமை, தேர்வு செய்த மூன்று பேரும் மதிப்பெண்களை ஒப்பிடுகிறார்கள். இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவன் ஏற்கெனவே ஒரு வருடம் வேறு இடத்தில் வேலை பார்த்த பையன். இன்னொருத்தி கௌசல்யா. பையன் முதல், அவள் இரண்டாவது. வியாழன், பையனுக்கு இவ்வளவு சம்பளம் தரலாம் என்று எழுதி ஒப்புதலுக்கு அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். ஆக, கௌசல்யா போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை, அவளைப் பற்றி யாரும் எதுவும் யோசிக்கவே இல்லை. தாள் ஒரு மேசையில் கிடந்தது.

திங்கள் கையெழுத்தாகிறது. செவ்வாய் பையனுக்குப் போன் போகிறது. அவன் வெள்ளி வரைக்கும் நேரம் கேட்கிறான். இங்கேதான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. முதல் ஆள் ‘சரி’ என்று சொல்லி, ஒப்புக்கொண்டதாக மெயிலும் போடும் வரைக்கும், இரண்டாவது ஆளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘உண்டு’ என்றும் சொல்ல முடியாது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘ஹோல்டு’ என்று எழுதி, எங்கள் ஆபீசில் அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் அடித்து வைப்போம்.

புதன்கிழமை எச்.ஆர். பெண் கௌசல்யாவுக்கு ஒரு போன் போடுகிறாள். வேலை தருவதற்கு இல்லை. அவள் இன்னும் வேறெங்கும் சேராமல் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள. அது தவறிப்போகிறது. வெள்ளி பையன் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்கிறான்; இருக்கிற இடத்திலேயே சம்பளம் கூட்டிக் கொடுத்துவிட்டார்களாம். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை கௌசல்யாவின் எண்ணை அழுத்துகிறார்கள்.

இவ்வளவு விவரம் தெரிஞ்சும் இதுல ஒரு வரிகூட கதையில இல்லையே, ஏன்?

ஒரு பிரதியில் இருந்தது. ஊர், ஆபீஸ், ஊர், ஆபீஸ் என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி ஒருத்தி, “உன் எச்.ஆர். கதை நல்லா இருக்கு, அந்தப் பொண்ணு எதுக்கு நடுவுல வந்து வந்து போறா?” என்றாள். சரியாகச் சொன்னாள். ஆபீஸ் பக்கம் தெரிந்துவிட்டால் வாசகருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. கையெழுத்துப் போடுகிறவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். கௌசல்யாவுக்கு அந்த நிம்மதி கிடையாது. அவளுக்குக் கிடைக்காதது வாசகருக்கு மட்டும் எதற்கு?

எழுதியதை வெட்டினேனே தவிர, தாளைக் கிழிக்கவில்லை. நாட்கள் அந்தத் தாளின்படிதான் நகர்கின்றன.

முதல் நாலு நாளுக்கு அஞ்சு பக்கம். அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லாம் ஒரே பத்தி. பக்கம் பத்தலையா?

பக்கம் இருந்தது. கவலை எல்லா நாளும் ஒரே கனத்தில் இருப்பதில்லை என்பதற்காகத்தான் அப்படி. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாதக் கணக்கில் காத்திருப்பவர்களை கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் தொடர்ந்து கவனித்திருக்கிறார். தேர்வு முடிந்த உடனேயும், முடிவு வரப்போகும் நாள் நெருங்கும்போதும் கவலை அதிகம். நடுவில் தணிந்து கிடக்கிறது. படித்தபோது, நான் போனில் கேட்ட குரல்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

ஆனால் அவர்களுக்கு முடிவு வரும் நாள் முன்கூட்டியே தெரியும். கௌசல்யாவுக்கு அப்படி ஒரு நாளைக் கொடுக்கத்தான் “வெள்ளிக்கிழமைக்குள்ள” என்ற வார்த்தையை வைத்தேன். “சொல்லி அனுப்புறோம்” என்று மட்டும் சொல்லியிருந்தால் கவலைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இருக்காது. நாள் குறித்தாயிற்று, அது கடந்தும் போயிற்று. அதன் பிறகு வரும் நாட்களில் அவள் பயப்படுவதில்லை, மந்தமாகிவிடுகிறாள். தண்ணீர் பிடிக்கிறாள், துணி துவைக்கிறாள். அதற்கு ஒரு பத்தி போதும். புதன்கிழமை தவறிய அழைப்பு வந்து எல்லாவற்றையும் மறுபடி கிளறிவிடுகிறது. பக்கங்களும் திரும்ப நீளுகின்றன.

வெர்னியர் காலிபர் விஷயம் புரியல. 0.01, 0.02ன்னு அவ ஏன் புலம்பிக்கிட்டே இருக்கா?

வெர்னியர் காலிபர் என்பது உருளை, தகடு மாதிரிப் பொருட்களின் அளவை எடுக்கும் கருவி. தேர்வில் அதைக்கொண்டு அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பட்டறையில் சாதாரணமாகக் கிடைக்கும் காலிபரின் நகரும் அளவுகோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 பிரிவுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிரிவு 0.98 மில்லிமீட்டர். பக்கத்தில் இருக்கும் முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 0.02. அதுதான் விடை. கௌசல்யா 0.01 என்று சொல்லிவிடுகிறாள். அது மைக்ரோமீட்டர் என்ற இன்னொரு கருவிக்கு உரியது. அவளுக்கு விடை தெரியாமல் இல்லை. அறையை விட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டும்போதே சரியான விடை வந்துவிடுகிறது.

‘சரியாகப் பேசவில்லையோ’ என்ற பொதுவான கவலையை எத்தனை வரி எழுதினாலும் படிப்பவருக்கு ஒட்டாது. காத்திருப்பவர்கள் தேர்வு முழுவதையும் நினைத்துக் கவலைப்படுவதும் இல்லை. ஒரே ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு அதையே உருட்டுவார்கள். என்னிடம் வந்த ஒரு பையன், தேர்வு முடிந்து பல நாள் கழித்துப் போனில், “மேடம், அன்னைக்கு குட் மார்னிங்குக்கு பதிலா குட் ஈவினிங் சொல்லிட்டேன்” என்றான். அந்த அறையில் இருந்த எங்கள் யாருக்கும் அது நினைவில் இல்லை. 0.01 அவளுக்கு அந்த ‘குட் ஈவினிங்’. அவள் இரண்டாவதாக வந்தது அதனால் இல்லை. பையனிடம் ஒரு வருட அனுபவம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் ஆயுசுக்கும் 0.01 என்றுதான் நினைத்துக்கொள்வாள்.

மிஸ்டு கால் வந்ததும் உடனே திருப்பிக் கூப்பிடுறாளே, அப்புறமும் ஏன் யாருன்னு தெரியல? நம்பவே முடியல.

இது அப்படியே நடக்கிற விஷயம். பெரிய ஆபீஸ்களில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு இணைப்பு இருக்கும். எந்த மேசையிலிருந்து கூப்பிட்டாலும், எதிர்ப்பக்கத்தில் பொதுவான ஒரே எண் தெரிகிற மாதிரிதான் பல இடங்களில் வைத்திருப்பார்கள். திருப்பிக் கூப்பிட்டால் அழைப்பு வரவேற்பறைக்கோ பதிவு செய்த குரலுக்கோ போகும். “எக்ஸ்டென்ஷன் நம்பர் தெரிந்தால் அழுத்தவும்” என்று அந்தக் குரல் சொல்லும். அவளுக்கு எப்படித் தெரியும்? காத்திருந்தால் வரவேற்பறைப் பெண் எடுப்பாள். “யாரு பேசணும்? எந்த டிபார்ட்மென்ட்?” எச்.ஆர். என்றால், “எச்.ஆர்.ல யாரு?” கௌசல்யாவுக்கு ஒரு பெயரும் தெரியாது. தன்னைத் தேர்வு செய்தவர்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றாத வயது.

எண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்னையின் எஸ்.டி.டி. குறியீடான 044தான். ஆனால் செல்போன் திரையில் அது பல நேரம் +91 44 என்று விழும். முன்னாலிருக்கும் பூஜ்யம் காணாமல் போய்விடும். கௌசல்யா முதலில் குழம்புகிறாள். நம் நாட்டுச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9இல்தான் தொடங்கும், இது என்ன 44? பூஜ்யத்தை முன்னால் போட்டுப் பார்த்ததும்தான் அது சென்னை என்று பிடிபடுகிறது. கதைக்குத் தலைப்பு அங்கிருந்து வந்தது.

கூப்பிட்டவள் மறுபடி ஏன் முயலவில்லை என்றால், அது முக்கியமான அழைப்பே இல்லை. பட்டியலில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பாள். அந்த ஒரு வார்த்தையை நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அவளே ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாமே? இந்தக் காலத்துப் பொண்ணு இப்படியா இருப்பா?

கேட்டிருக்கலாம். சொன்ன தேதி கடந்து இரண்டு மூன்று வேலை நாள் போன பிறகு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் வந்தேன் என்று குறிப்பிட்டு நான்கு வரியில் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எங்களுக்கு அது உதவிதான். மஞ்சள் வரிசையில் இருப்பவர் இன்னும் இருக்கிறார் என்று தெரியும்.

அவள் ஏன் கேட்கவில்லை என்பதற்குக் கதையில் ஒரு காட்சி இருக்கிறது. ஞாயிறு இரவு மெயிலைத் தட்டச்சு செய்கிறாள், அழிக்கிறாள். கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வந்துவிடும். கேட்காத வரைக்கும் இன்னும் இல்லை என்று ஆகவில்லை. வேலை தேடிய யாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். அதோடு, “அவசரப்படுறான்னு நினைச்சுக்கிட்டா?” என்ற பயம் வேறு. காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ரூ. 2,500 கட்டச் சொல்லி ஒரு கால் வருதே, அது எதுக்கு?

வேலை தேடும் இணையதளங்களில் விவரம் கொடுத்தவர்களுக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் வரும். “நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்க” என்பார்கள். ஒழுங்கான எந்தக் கம்பெனியும் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் கேட்காது. கௌசல்யாவுக்கும் அது தெரியும். இருந்தும், ‘செலக்ட்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் உடனே போனை வைத்துவிடவில்லை. அந்தக் குரல் தன் பெயரை இன்னொரு தடவை சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் காட்சி.

அந்த ரீசார்ஜ் காட்சியை வெட்டியிருந்தா கதை இன்னும் வேகமா போயிருக்கும். ஒத்துக்குறீங்களா?

ஒத்துக்கொள்ள மாட்டேன். கதை வேகமாகப் போகக் கூடாத இடம் அது. 28 நாள் திட்டம் முடிகிற தேதி காத்திருப்புக்கு நடுவில் வருகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான், ஆனால் 28 நாள் கணக்கில் பதின்மூன்று தடவை பணம் போட வேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. இருந்தாலும் கடையில் கேட்டால் 28தான் முதலில் வரும்.

திட்டம் முடிந்த பிறகும் சில நாளைக்கு அழைப்பு உள்ளே வரும், அப்புறம் அதுவும் நிற்கும். எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த ஆபத்துக்குப் பயந்து கௌசல்யா அப்பாவிடம் பணம் கேட்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையைத் தடவுகிறார். வேலை கிடைப்பதற்கு முன்பே வேலைக்காகச் செலவு. இதை வசனமாகச் சொல்லியிருந்தால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஊரே கேக்குது, அம்மா மட்டும் ஏன் ஒரு தடவைகூட ‘போன் வந்துச்சா’ன்னு கேக்கல? பாசம் இல்லையா?

அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போகிறவள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. கைதான் ஓடும், வாயும் காதும் சும்மா இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவளிடம் எட்டு மணி நேரமும் மகளைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை மகளிடம் போடக் கூடாது என்று அவள் வழியிலேயே முடிவு செய்திருக்கிறாள். அதற்குப் பதில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். ஒவ்வொரு நாள் மாலையும் அந்தப் பார்வை கதையில் வருகிறது. யாரும் கவனிக்கவில்லை என்றால் நான் சரியாக எழுதவில்லை.

அப்பா அதற்கு நேர் எதிர். தினம் மதியம் தன் பட்டன் போனிலிருந்து கூப்பிடுகிறார். “ஒண்ணுமில்ல தாயி, போன் வேலை செய்யுதான்னு பாத்தேன்.” ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடுகிறது. எழுதும்போது எனக்கு அதிகம் சிரிப்பு வந்தது அப்பாவால்தான்.

கடைசியில வேலை கிடைச்சுதா இல்லையா? ‘ஹலோ’ன்னு முடிச்சது ஏமாத்து வேலை.

கிடைத்துவிட்டது. கதைக்குள்ளேயே இருக்கிறது, மறைக்கவில்லை. நான்காவது கேள்வியின் பதிலைப் படித்தவர்கள் ஊகித்திருப்பார்கள். ஆபீஸ் தாள் தெரியாதவருக்கும் ஒரு தடயம் உண்டு. அவளோடு தேர்வுக்கு வந்திருந்த ஒரு பெண் தாம்பரம் பஸ்சில் சொல்கிறாள்: “இல்லைன்னா போன் பண்ண மாட்டாங்க, மெயில்தான். பாதி பேர் அதுவும் போட மாட்டாங்க.” பெரும்பாலும் உண்மை. ‘இல்லை’ என்று சொல்லப் போன் போடுவது எங்களுக்கே கஷ்டம். அழுதால் என்ன செய்வது? போன் போட்டால் அது சம்பளம் பேசவும், சேரும் தேதி கேட்கவும்தான் இருக்கும். ஆகவே திங்கள் காலை, வேலை நேரத்தில், 044இலிருந்து இரண்டாவது முறை அடிக்கும்போதே விடை வந்துவிட்டது.

அப்படியானால் அதையும் எழுதியிருக்கலாமே என்றால், எழுதிப் பார்த்தேன். “கங்கிராஜுலேஷன்ஸ் கௌசல்யா” என்ற வரி வந்த நொடியில் அதற்கு முந்தைய பதின்மூன்று நாளும் வேலை கிடைப்பதற்கான முன்னுரையாகச் சுருங்கிவிட்டன. கதை அந்த நாட்களைப் பற்றியது. அவள் ‘ஹலோ’ என்றதும் அந்த நாட்கள் முடிந்துவிடுகின்றன, நானும் நிறுத்திக்கொண்டேன். ஏமாற்று வேலை என்று தோன்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

தான் ரெண்டாவது ஆளுன்னு அவளுக்கு எப்பவாவது தெரியுமா?

தெரியாது. யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்த பிறகு வருடக் கணக்கில் நன்றாக வேலை பார்த்த சிலர் எங்கள் பட்டியலில் மஞ்சள் வரிசையிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், சொன்னதில்லை. அந்தப் பையன் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வாசகர் கேட்டார். அந்தத் திங்கள்கிழமை போன் அடித்திருக்காது. மற்றபடி கதையில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

நீங்க எச்.ஆர்.ல இருந்தப்போ யாருக்காவது போன் பண்ண மறந்திருக்கீங்களா?

மறந்திருக்கிறேன். இரண்டாவது பதிலில் சொன்ன நிஜப் பெண் அவள்தான். டிப்ளமோ, தென் மாவட்டம், தரப் பரிசோதனை வேலை. பெயர், ஊர் வேண்டாம். முதல் ஆள் வராமல் போய்விட்டார். அதே வாரத்தில் ஆபீசில் ஒரு தணிக்கை வந்தது. மஞ்சள் வரிசையைத் திறந்து பார்க்கவே இல்லை. தணிக்கை முடிந்து, மேலாளர் அந்த இடம் ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்று கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. தேர்வு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அவள் அம்மா. மகள் இருக்கிறாளா என்று கேட்டேன். “அவ நூல் மில்லுல வேலைக்குச் சேந்துட்டாம்மா. அங்க ஹாஸ்டல்ல போன் வச்சுக்க விட மாட்டாங்களாம், அதான் இங்கயே வச்சுட்டுப் போயிட்டா. நீங்க யாரு?” எந்தக் கம்பெனி என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“வியாழக்கிழமைதாம்மா போனா,” என்றார்.